பெயர் போடாத கூட்டக் குறிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திட்டம் ஒன்று வருகிறது, பாதிக்கப்படுகிறவர்களைக் கூப்பிட்டுச் சிறு சிறு குழுக்களாகப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சை, யார் சொன்னார்கள் என்று எழுதாமல் விஷயவாரியாகத் தொகுத்துத் தர வேண்டும். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். எடுத்துக்காட்டாக ஒரே ஒரு கூட்டத்தைக் கடைசி வரை வைத்துக்கொள்கிறேன்: கடற்கரையில் நடக்கும் மீன் ஏலத்தை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கட்டப்போகும் இறங்குதளத்துக்கு மாற்றுவது பற்றி, மீன் விற்கும் பெண்கள் ஒன்பது பேரோடு நடந்த கலந்தாய்வு. இந்தப் பக்கத்துக்காக நானே அமைத்த மாதிரி அது. ஊரும் ஆட்களும் கற்பனை. சிக்கல்கள் மட்டும் நிஜம்.

யார் சொன்னது என்று தெரியாவிட்டால் அந்தக் குறிப்பை வைத்து என்ன செய்வது?

முடிவெடுக்கிறவருக்கு வேண்டியது, என்ன கஷ்டம், ஏன் கஷ்டம், என்ன செய்தால் தீரும் என்பதுதான். ஏல இடம் மாறினால் காலையில் ஆட்டோவுக்கு நூறு ரூபாய் போகும் என்பதை இன்னார்தான் சொன்னார் என்று தெரிந்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. சொன்னவருக்குத்தான் ஆகும். மீன் வாங்க முன்பணம் தந்த வியாபாரியைப் பற்றியோ, ஊர்ப் பஞ்சாயத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை விட்டிருந்தால், மறுநாள் காலை ஏலத்தில் நிற்கும்போது அது தெரியும். பெயர் வராது என்ற உறுதி இருந்தால்தான் அந்த வார்த்தை வாயிலிருந்தே வரும். அது வராத கூட்டத்தில் ‘வசதி வேணும், நல்லா செஞ்சு குடுங்க’ என்பதற்கு மேல் எதுவும் தேறாது.

சாத்தம் ஹவுஸ் விதி என்கிறார்களே, அதுதானா இது?

இரண்டும் உறவு என்று சொல்லலாம், ஒன்றல்ல. லண்டனில் உள்ள சாத்தம் ஹவுஸ் என்ற ஆய்வு நிறுவனம் 1927-இல் வகுத்து, பிறகு 1992-இலும் 2002-இலும் திருத்திய விதி அது. கூட்டத்தில் கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், ஆனால் பேசியவர் யார், எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதையும், கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பதையும் வெளியிடக் கூடாது என்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ‘எந்த அமைப்பு’ என்ற பகுதி. நம் ஊர்க் குறிப்புகளில் பெயரை எடுத்துவிட்டு ‘படகு உரிமையாளர் சங்கப் பொருளாளர் கூறியதாவது’ என்று எழுதிவிடுகிறார்கள். பொருளாளர் ஒருவர்தானே இருப்பார்! பதவியும் பெயர்தான்.

இன்னொரு வித்தியாசம், அந்த விதி கூட்டத்துக்கு வந்தவர்களைக் கட்டுப்படுத்துவது. நாம் பேசுவது குறிப்பு எழுதுகிறவர் செய்ய வேண்டிய வேலையைப் பற்றி. பங்கேற்றவர்கள் வெளியே போய் என்ன பேசுவார்கள் என்பது நம் கையில் இல்லை. அதைக் கூட்டத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: ‘நாங்க எழுதுறதுல உங்க பேர் வராது. இங்க உட்கார்ந்திருக்கிறவங்க வெளிய சொல்லாம இருக்கணும்னு கேட்டுக்கிறோம், ஆனா அதுக்கு எங்களால உத்தரவாதம் தர முடியாது.’

எல்லாக் கலந்தாய்வுக்கும் பெயர் இல்லாமல் எழுதிவிடலாமா?

கூடாது. சட்டப்படி நடக்கும் கேட்புக் கூட்டங்களுக்கு இந்த முறை பொருந்தாது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும், மாவட்ட ஆட்சியரோ கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும், முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். வந்தவர்கள் பட்டியல் இணைப்பாகப் போகும். கூட்ட முடிவில் நடவடிக்கைச் சுருக்கத்தை அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்திட வேண்டும். அங்கே மைக் பிடித்து எதிர்ப்புச் சொல்கிறவர், தான் எதிர்த்தது பதிவாக வேண்டும் என்பதற்காகவே வருகிறார். அவர் பெயரை எடுத்துவிட்டு ‘சில கவலைகள் தெரிவிக்கப்பட்டன’ என்று எழுதினால் அது பாதுகாப்பு ஆகாது, அவர் எதிர்ப்பை மழுங்கடித்ததாகத்தான் ஆகும்.

நில எடுப்புக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சமூகத் தாக்க மதிப்பீட்டுக்காக நடக்கும் பொதுக் கேட்பும் இதே மாதிரி பகிரங்கமான ஒன்று. கிராம சபைத் தீர்மானமும் அப்படித்தான்.

பெயர் இல்லாத குறிப்பு இவற்றுக்கு முன்னாலும் பக்கத்திலும் நடக்கும் சிறு குழுக் கூட்டங்களுக்கு உரியது. பொதுக் கேட்பில் பெண்கள் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகிற ஊர்களில், அவர்கள் கருத்து பதிவாகும் ஒரே இடம் இந்தச் சிறு கூட்டமாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்று. சிறு கூட்டம் நடத்தியாயிற்று என்று காட்டி, பொதுக் கேட்பைச் சுருக்கப் பார்க்கும் அலுவலகங்களும் உண்டு. குறிப்பின் முதல் பக்கத்திலேயே ‘இது சட்டப்படியான கருத்துக் கேட்பு அல்ல’ என்று ஒரு வரி போட்டுவிடுவது என் வழக்கம்.

கூட்டம் நடக்கும்போது பெயரே குறிக்கக் கூடாதா? அப்புறம் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பெயர் குறிக்க வேண்டாம், எண் குறியுங்கள். உட்கார்ந்திருக்கும் வரிசையை ஒரு வட்டமாக வரைந்து ஒன்று முதல் ஒன்பது வரை எண் போட்டுக்கொள்வது. ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் அந்த எண் மட்டும். இது எதற்கென்றால், ஆட்டோச் செலவு பற்றி நாலு முறை பேச்சு வந்தது என்றால் நாலு பேர் சொன்னார்களா, ஒரே ஆள் நாலு முறை சொன்னாரா என்று பிறகு தெரிய வேண்டும். எண் இல்லாத குறிப்பில் உரக்கப் பேசுகிறவர் ‘பலர்’ ஆகிவிடுவார்.

ஒருவர் பேசும்போது மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதும் குறிப்பில் வேண்டும். தலையாட்டல், ‘ஆமா ஆமா’, முகத்தைத் திருப்பிக்கொண்டது, சட்டென்று விழுந்த அமைதி. கூட்டத்தை நடத்துபவரே குறிப்பும் எடுத்தால் இதெல்லாம் தப்பிவிடும். அதனால் இரண்டு பேர் போவதுதான் சரி.

கலைந்து கிடக்கும் பேச்சிலிருந்து விஷயவாரிக் குறிப்பு எப்படி வருகிறது? ஒரு முழு எடுத்துக்காட்டு காட்ட முடியுமா?

நம் மாதிரிக் கூட்டத்தின் நோட்டிலிருந்து சில வரிகள். எண், ஆளைக் குறிக்கிறது.

> 3: காலைல நாலரைக்கு அங்க போகணும்னா ஆட்டோதான். போக வர நூறு ரூபா. ஒரு நாளைக்கு மிஞ்சுறதே இருநூறு, முந்நூறு. (4, 5, 8 ‘ஆமா’)
> 5: புது இடத்துல கக்கூஸ் நெசமா கட்டுவாங்களா, இல்ல படத்துல மட்டுமா?
> 2: முன்பணம் குடுத்த வியாபாரி எங்க நிக்கிறாரோ அங்கதான் படகுக்காரர் மீனப் போடுவார். சில்லறைக்கு எடுக்குற எங்களுக்கு யார் குடுப்பா? (யாரும் பேசவில்லை. 6 கதவைப் பார்த்தார்.)
> 7: எங்க வீட்டுக்காரர் ஏலம் விடுறவர். அவருக்கு அங்க எடம் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. எனக்கு இது நல்லதுதான்.
> 1: நான் கருவாடு போடுறவ. காயப் போட மணல் வேணும். சிமெண்டுத் தரையில என்ன பண்ணுறது?
> 4: மழைக்கு ஒதுங்கக் கூரை இருந்தா சரி. இங்க நனைஞ்சுகிட்டுத்தானே விக்கிறோம்.

முதல் வேலை, ஒரு வரிக்கு ஒரு கருத்து என்று உடைப்பது. 3 சொன்னதில் இரண்டு இருக்கின்றன: அந்த நேரத்தில் வேறு வண்டி இல்லை, வண்டிச் செலவு மிச்சத்தைத் தின்றுவிடும். இரண்டுக்கும் தீர்வு வேறு வேறு. நேரத்துக்குப் பேருந்து விட்டால் முதலாவது தீரும், கூடையை ஏற்ற விடாவிட்டால் இரண்டாவது தீராது.

இரண்டாவது வேலை, ஒன்றாகச் சேர்கிறவற்றைச் சேர்த்துத் தலைப்பு போடுவது. இங்கேதான் அலுவலகப் பழக்கம் குறுக்கே வரும். திட்ட அறிக்கையில் போக்குவரத்து, சுகாதாரம், வாழ்வாதாரம் என்று அத்தியாயங்கள் இருக்கும். பேச்சை அந்த அறைகளுக்குள் பிரித்துப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் 2 சொன்னது எங்கேயும் உட்காராது. அது போக்குவரத்து அல்ல, வெறும் வாழ்வாதாரமும் அல்ல. வியாபாரியிடம் படகுக்காரர் வாங்கிய கடனும் மீனும் பின்னிக் கிடக்கிற விஷயம். அதற்கு ‘புதிய இடத்தில் சில்லறை விற்பவர்களுக்கு மீன் கிடைக்குமா’ என்று அவர்கள் கேட்ட கேள்வியையே தலைப்பாக வைப்பேன்.

மூன்றாவது, ஒவ்வொரு தலைப்பின் கீழும் கருத்து, காரணம், மாற்றுக் கருத்து, கோரிக்கை என்ற நாலையும் தேடிப் பார்ப்பது. இருப்பதை எழுதுங்கள், இல்லாததை இட்டு நிரப்ப வேண்டாம். போய்வருவது பற்றிய பத்தி இப்படி வரும்:

> அதிகாலை 4.30 மணிக்குப் புதிய இடத்துக்குச் செல்ல ஆட்டோவைத் தவிர வேறு வழியில்லை என்றும், போய்வர ஆகும் சுமார் 100 ரூபாய், நாளொன்றுக்கு மிஞ்சும் 200–300 ரூபாயில் பெரும் பகுதியை எடுத்துக்கொள்ளும் என்றும் பலர் கூறினர். இதற்கு மாற்றுக் கருத்து வரவில்லை.

இதையே ‘போக்குவரத்து வசதி குறித்துக் கவலை தெரிவிக்கப்பட்டது’ என்று எழுதுவதுண்டு. பெயர் அதிலும் இல்லை, விஷயமும் இல்லை. பெயரை எடுக்கச் சொன்னால் தொகையையும் நேரத்தையும் சேர்த்து எடுத்துவிடுகிற பழக்கம் இது. ஆளை மறையுங்கள், எண்ணிக்கையை மறைக்காதீர்கள். 4.30, 100, 300 ஆகிய மூன்றும் ஊரில் மீன் விற்கும் யாருக்கும் பொருந்தும். அவற்றால் ஆள் தெரியாது.

7 சொன்னதுதான் கடினமானது. எழுதாமல் விட்டால், எல்லோரும் எதிர்த்தார்கள் என்று தவறான தோற்றம் வரும். எழுதினால் ‘ஏலம் விடுபவர் மனைவி’ என்று ஊரே சொல்லிவிடும். நான் அதை இரண்டாகப் பிரிப்பேன். ஆதரவு, மற்ற ஆதரவுக் கருத்தோடு சேர்கிறது: ‘இடமாற்றத்தை வரவேற்ற குரல்களும் இருந்தன. கூரையுள்ள இடத்தில் மழைக்காலத்தில் விற்பது எளிது என்பது ஒரு காரணம்.’ இன்னொரு பாதி, யாருக்கோ ஏற்கனவே இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்ற தகவல். இது முடிவெடுக்கிறவருக்குத் தெரிய வேண்டிய விஷயம், ஆனால் 7 மூலமாகத் தெரியக் கூடாது. ஆகவே அதைக் கேள்வியாக்கி, அலுவலகம் பதில் சொல்ல வேண்டியவை என்ற பகுதியில் வைக்கலாம்: ‘புதிய இடத்தில் ஏல இட ஒதுக்கீட்டுக்கான விதிமுறை என்ன, யாருக்கேனும் முன்கூட்டியே உறுதி தரப்பட்டுள்ளதா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும்.’ இப்படி எழுதும்போது அதே கேள்வி வேறு குழுவிலும் எழுந்ததா என்று பார்ப்பேன். எழுந்திருந்தால் நிம்மதி. எழவில்லை என்றால் 7-இடம் இந்த வாசகத்தைக் காட்டிச் சம்மதம் வாங்காமல் போட மாட்டேன்.

பெயரையும் பதவியையும் எடுத்தாயிற்று. இன்னும் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

சென்னையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அரை நிமிடம் போதும். குறிப்பை நீங்கள் யாரிடமிருந்து மறைக்கிறீர்கள் என்பதைச் சரியாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊரைத் தெரிந்தவர், கூட்டத்துக்கு யார் யார் போனார்கள் என்று பார்த்தவர், ஆனால் உள்ளே இல்லாதவர். அவருடைய கண்ணால் ஒரு முறை படியுங்கள்.

அவருக்குக் காட்டிக்கொடுப்பவை இவை. தொழிலில் ஒரே ஆள்: கருவாடு போடுகிறவர், ஐஸ் விற்கிறவர், கல்லூரி முடித்தவர். குடும்பக் கதை: மகன் கடலில் போனது, மருமகள் வெளியூர், போன வருடம் வாங்கிய கடன். பேச்சு வழக்கு: எல்லா ஊரிலும் ஒரு பழமொழியைப் பத்து வரிக்கு ஒரு தடவை சொல்கிற ஒருவர் இருப்பார். வரிசையும் காட்டிக்கொடுக்கும். ஒரு தலைப்பின் கீழ், கூட்டத்தில் பேசிய அதே வரிசையில் எழுதினால், யார் முதலில் பேச்சை எடுத்தார் என்று உள்ளே இருந்த ஒருவரிடம் கேட்டாலே வெளியாகிவிடும். முக்கியமானது முதலில் என்று வரிசையை மாற்றுங்கள்.

எல்லாவற்றையும் அழித்துவிடவும் கூடாது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம். ஊரார் ஆளை ஊகிப்பார்களா? ஊகித்தால் அவருக்குக் கெடுதல் வருமா? கருவாட்டுக்கு மணல் வேண்டும் என்பதை ஊகிப்பார்கள், ஆனால் அதனால் ஒருவரும் அவரோடு சண்டைக்கு வரப்போவதில்லை. உலர்த்தும் இடம் திட்டத்தில் இல்லை என்பது மிக முக்கியமான ஓட்டை, அதை மழுப்பினால் அவருக்குத்தான் நஷ்டம். அவரிடம் கேட்டுவிட்டு அப்படியே போடலாம். வியாபாரியின் முன்பணம் பற்றி 2 சொன்னது வேறு. ஊகிப்பதும் எளிது, கெடுதலும் உண்டு. அங்கே வாக்கியத்தைக் கடனிலிருந்து நகர்த்தி மீன் பங்கீட்டில் நிறுத்த வேண்டும்: ‘ஏலம் மாறினால் மொத்தமாக எடுப்பவர்களுக்கே மீன் போய்விடும், சில்லறைக்கு எடுப்பவர்களுக்குக் கிடைக்காது என்ற அச்சம் உள்ளது.’ கொஞ்சம் இழப்புதான். கடன்தான் காரணம் என்பது இதில் இல்லை. மற்ற குழுக்களிலும் முன்பணம் பற்றிப் பேச்சு வந்திருந்தால், எல்லாக் குழுக்களையும் சேர்த்து எழுதும் தொகுப்பு அறிக்கையில் ‘கடலோர மீன் வியாபாரத்தில் முன்பணம்’ என்று தனியாக, எந்தக் குழு என்று சொல்லாமல் எழுதலாம்.

‘சிலர்’, ‘பலர்’, ‘பெரும்பாலோர்’ என்று எழுதினால் போதுமா, எண்ணிக்கை வேண்டாமா?

ஒன்பது பேரில் ஐந்து பேரை ‘56 சதவீதம்’ என்று எழுதிய அறிக்கைகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். சிறு குழுக் கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. ஒன்பது பேரும் ஊரிலிருந்து குலுக்கிப் போட்டு எடுத்தவர்களும் அல்ல.

அதற்காகச் சொற்களை இஷ்டத்துக்குத் தூவவும் கூடாது. முதல் பக்கத்தில் விளக்கம் கொடுத்துவிடுங்கள். இந்தக் குறிப்பில் ‘ஒரு கருத்து’ என்றால் ஒருவரோ இருவரோ சொன்னது, ‘சிலர்’ என்றால் மூன்று நான்கு பேர், ‘பலர்’ என்றால் பாதிக்கு மேற்பட்டோர் சொன்னது அல்லது வெளிப்படையாக ஆமோதித்தது என்று எதையாவது நிர்ணயித்து, கடைசி வரை அதன்படியே போக வேண்டும். நம் எடுத்துக்காட்டில் சத்தமாக ஆமோதித்தவர்களையும் சேர்த்தால் ஆட்டோ விஷயம் நாலு பேர். என் கணக்குப்படி அது ‘சிலர்’தான். மேலே நான் ‘பலர்’ என்று எழுதக் காரணம், அப்புறம் நடத்துபவர் ஒவ்வொருவரிடமும் ‘உங்களுக்கு எப்படிப் போக வசதி?’ என்று சுற்றிக் கேட்டார், அப்போது ஏழு பேர் அதையே சொன்னார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எல்லோரும்’ என்ற சொல்லை அப்படி ஒவ்வொருவரையும் கேட்டபின் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பேசாமல் இருந்தவர் சம்மதித்ததாகக் கணக்கு இல்லை. நம் கூட்டத்தில் 9 வாயே திறக்கவில்லை.

அவர்கள் பேசியதை அப்படியே மேற்கோளாகப் போடலாமா?

போடலாம், அளவோடு. கக்கூஸ் நிஜமாகக் கட்டுவார்களா, படத்தில் மட்டுமா என்ற கேள்வியை எப்படித் திருப்பி எழுதினாலும் அந்தச் சூடு வராது. அது யார் வாயிலிருந்தும் வரக்கூடிய கேள்விதான், ஆகவே ஆபத்தில்லை. குடும்பம், கடன், ஊர்த் தகராறு வருகிற வரிகளை மேற்கோளாக்க வேண்டாம். வழக்குச் சொல் ஆளைக் காட்டும் என்று தோன்றினால் பொது வழக்குக்கு மாற்றுங்கள். மாற்றியதும் மேற்கோள் குறியை எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அது இப்போது அவர் சொன்ன சொல் அல்ல. ஒவ்வொரு மேற்கோளின் கீழும் ‘பெண், 52 வயது’ என்று போடும் ஆய்வறிக்கைப் பழக்கம் ஒன்பது பேர் கூட்டத்தில் பெயர் போடுவதற்குச் சமம்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது வாசலில் வந்து ஒருவர் தனியாகச் சொன்னதைச் சேர்க்கலாமா?

முக்கியமான விஷயம் பாதி அங்கேதான் வரும். நம் 9 வாசலில் வந்து சொல்கிறார்: ‘ஊர்ப் பஞ்சாயத்துல ஏற்கனவே சரின்னு கையெழுத்துப் போட்டுட்டாங்க. பொம்பளைங்கள யாரும் கேக்கல.’ இது கூட்டத்தில் பேசியது அல்ல. ஆகவே இந்தக் கூட்டத்தின் குறிப்பில் வராது. கூட்டத்தில் இருந்தவர்கள் குறிப்பைப் படித்தால், நாங்கள் யாரும் இதைச் சொல்லவில்லையே, யார் போய்ச் சொன்னது என்று தேடுவார்கள்.

‘இதை நாங்க பொதுவா எழுதலாமா?’ என்று அப்போதே அவரிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். சரி என்றால், அடுத்து நடக்கும் கூட்டங்களில் ‘இந்த இடமாற்றம் பற்றி ஊரில் முதலில் எப்போது, யார் மூலமாகத் தெரிந்தது?’ என்று எல்லோரிடமும் ஒரு சாதாரணக் கேள்வியாகக் கேட்கலாம். விஷயம் உண்மையானால் பல வாயிலிருந்து வரும். அப்போது அது ஒருவர் சொன்னதாக இருக்காது.

கூட்டத்துக்கு வந்த அதிகாரி சொன்னதற்கும் பெயர் போடக் கூடாதா?

போட வேண்டும், பெயர் இல்லாவிட்டாலும் துறையாவது. பெயர் மறைப்பது பாதிக்கப்படுகிறவர்களுக்காக. ‘கழிப்பறை கட்டி முடித்த பிறகுதான் ஏலத்தை மாற்றுவோம்’ என்று ஒரு அதிகாரி சொன்னால் அது கருத்து அல்ல, வாக்குறுதி. ‘உறுதி அளிக்கப்பட்டது’ என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து யார் அளித்தது என்று கேட்க ஆளிருக்காது. எந்தத் துறை, என்ன சொன்னது, எப்போதைக்குள் என்று தனிப் பகுதியில் எழுதுங்கள். இப்படி எழுதப்போகிறோம் என்பதைக் கூட்டத்துக்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுவது நியாயம். அதிகாரி உள்ளே உட்கார்ந்திருந்தால் 2 பேசியிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம். முதல் ஒரு மணி நேரம் அவர் இல்லாமல், கடைசி அரை மணி நேரம் பதில் சொல்ல மட்டும் அவரை அழைப்பது நடைமுறையில் நன்றாக வேலை செய்கிறது.

வருகைப் பதிவேட்டில் எல்லோரும் பெயர், போன் நம்பர், கையெழுத்துப் போட்டிருக்கிறார்களே?

டீ, பயணப்படிக் கணக்குக்கு அது வேண்டும் என்பார்கள். வாங்கலாம், ஆனால் குறிப்போடு இணைக்காதீர்கள். ‘மீன் விற்கும் பெண்கள், 9 பேர், கூட்டம் நடந்த மாதம்’ என்பது குறிப்புக்குப் போதும். கையெழுத்துப் பட்டியல் கணக்குக் கோப்பில் தனியாக இருக்கட்டும். குழுப் படத்தையும் அட்டையில் போட வேண்டாம். பெயர் இல்லாத குறிப்பின் அட்டையில் ஒன்பது முகங்கள் வரிசையாகச் சிரிக்கிற அறிக்கைகள் நிறைய இருக்கின்றன.

மேலதிகாரி ‘யார் அப்படிச் சொன்னது, சும்மா சொல்லுங்க’ என்று கேட்கிறார். என்ன செய்ய?

பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. சொன்னவர் விவரம் தெரிந்தவரா, போய்ப் பேசிச் சரிசெய்யலாமா என்று பார்ப்பார்கள். ‘பெயர் சொல்ல மாட்டோம்னு சொல்லித்தான் கூட்டம் நடத்தினோம் சார். அந்த விஷயத்தைச் சரிபார்க்கணும்னா வேற வழி இருக்கு’ என்று வழியைச் சொல்லுங்கள். நாலரை மணிக்குப் பேருந்து உண்டா என்பதை நேர அட்டவணை சொல்லும். அதற்கு ஆள் தேவையில்லை.

எண்ணையும் ஆளையும் இணைக்கும் அந்த வட்ட வரைபடம் உங்கள் கையில் இருக்கும்வரை இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கும். குறிப்பு இறுதியானதும் அதைக் கிழித்துவிடுவது நல்லது. ஒலிப்பதிவும் அப்படித்தான். என்றைக்கு அழிப்போம் என்று சம்மதம் வாங்கும்போதே சொல்லியிருந்தால், அன்றைக்கு அழித்துவிட வேண்டும். போனில் பதிவு செய்திருந்தால், அது தானாக வேறெங்கும் நகல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாராவது கேட்டால்?

அரசு அலுவலகத்தில் இருக்கும் குறிப்பு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி தகவல்தான். தனிநபர் விவரங்களுக்கு 8-ஆம் பிரிவில் விலக்கு உண்டு, ஆனால் எதைத் தருவது என்று தீர்மானிப்பது பொதுத் தகவல் அலுவலர், அவருக்கு மேல் மேல்முறையீடு. ஆகவே ‘யாருக்கும் போகாது’ என்று பங்கேற்பவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். ‘இதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் உங்கள் பெயர் அதில் இருக்காது’ என்பதுதான் காப்பாற்றக்கூடிய வாக்கு. அலுவலகத்துக்கு நீங்கள் கொடுப்பது இறுதிக் குறிப்பு மட்டும் என்றால், கேட்டாலும் அங்கே அதுதான் இருக்கும். நோட்டையும் பட்டியலையும் கோப்பில் சேர்க்கச் சொல்லி ஒப்பந்தத்தில் இருந்தால், வேலையை ஏற்கும் முன்பே அந்த வரியைப் பேசி எடுக்க வேண்டும்.

எழுதி முடித்ததைத் திரும்ப அவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டுமா?

காட்ட முடிந்தால் கட்டாயம். ஒரு வாரத்துக்குள், அதே ஒன்பது பேருக்கு, தமிழில். ஆங்கிலத்தில் எழுதிய குறிப்பை அங்கே உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்வது வாசித்துக் காட்டியதாகாது. இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நீங்கள் சொன்னது எதுவும் விட்டுப்போயிற்றா? இதில் எந்த வரியைப் படித்தால் வெளியாட்கள் ‘இது இன்னார்தான்’ என்பார்கள்? இரண்டாவது கேள்விக்கு அவர்களைவிட நன்றாகப் பதில் சொல்ல யாராலும் முடியாது. ‘கூரை இருந்தா சரின்னு எழுதியிருக்கீங்களே, அது 4 தான்னு தெரியும்’ என்று சிரித்துவிட்டு, இருக்கட்டும் பரவாயில்லை என்று 4-ஏ சொல்லக்கூடும். அல்லது நீங்கள் சாதாரணம் என்று நினைத்த ஒரு வரியை எடுக்கச் சொல்வார்கள். காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

ஆளுக்கொரு பிரதி கொடுக்க வேண்டாம், வாசித்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இறுதிப் பிரதி வந்ததும் சமுதாயக் கூடத்தில் ஒன்று இருக்கட்டும்.